கிறுக்கல் அக்கா படித்த சீட்டு

அலுவலகத்தில் அவளைக் கிறுக்கல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேட்பவர்களுக்கு அவள் ஏதோ கிறுக்குத்தனம் செய்பவள் என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் இரண்டாவது மாடியில், ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பில்களையும் பார்த்துக் கணினியில் ஏற்றும் பிரிவில், பத்தொன்பது வருடமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர்கள் எழுதும் கோழிக் கிறுக்கலை அந்த மாடியில் அவளைப்போல் படிக்க வேறு ஆள் கிடையாது. யாருக்காவது ஒரு வரி பிடிபடவில்லை என்றால் உட்கார்ந்த நாற்காலியோடு உருட்டிக்கொண்டு அவளிடம் வந்துவிடுவார்கள். அவள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பட்டென்று சொல்லிவிடுவாள்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. எழுத்தை மட்டும் பார்த்தால் கதை நடக்காது. நோயாளிக்கு என்ன நோய், வயது என்ன, மேல்வரியில் என்ன மருந்து, கீழ்வரியில் என்ன மருந்து, பில்லில் விலை எவ்வளவு என்று சுற்றுமுற்றும் பார்த்தால் நடுவில் இருக்கும் கிறுக்கல் தானாக வாய் திறக்கும். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். தப்பிப் போகிற பத்தாவதை மேலே இருக்கிற சரிபார்க்கும் பிரிவு ஒரு சிவப்புக் குறி போட்டுத் திருப்பி அனுப்பும். திருத்திவிட்டால் முடிந்தது. மாத்திரையை எப்போதோ யாரோ விழுங்கி, குணமாகி, வீட்டுக்கும் போயிருப்பார்கள். அவள் படிப்பதால் யாருக்கும் தலையும் வலிக்காது, வயிறும் வலிக்காது.

இந்தத் திறமை வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? அவளுக்குக் கல்யாணம் ஆகி ஊரின் மறுகோடிக்குப் போன பிறகும் சொந்தபந்தங்களின் சீட்டுகள் அவள் கைப்பேசிக்கு வந்துகொண்டேயிருந்தன. ஒரு படம், கூடவே ஒரே ஒரு வரி, ‘இதைப் படி.’ நலமா, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இருக்காது. சித்தி அனுப்புவாள், நாத்தனார் அனுப்புவாள், நாத்தனாரின் பக்கத்து வீட்டுக்காரி அனுப்புவாள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் படிக்காமல் விட்டதில்லை. புகழ் யாருக்குத்தான் கசக்கும்?

அன்று சாயங்காலம் தம்பி அனுப்பிய படமும் அப்படித்தான் வந்தது. அவள் பேருந்தில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைத் திறந்தாள். அப்பாவின் சீட்டு. அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. அம்மா போன பிறகு தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். பல வருடமாகப் பிரஷர். தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் தானாகவே நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்துவிடுவார். படம் கொஞ்சம் மங்கல். அடியில் தம்பியின் கட்டைவிரல் பாதிக் காகிதத்தை ஆக்கிரமித்திருந்தது. மேல்வரியில் அப்பா வழக்கமாகப் போடும் பிரஷர் மாத்திரை, அவளுக்கு மனப்பாடம். அடுத்த வரிதான் கேள்வி. தொடக்கத்தில் நாலு ஆங்கில எழுத்துத் தெளிவாக இருந்தது, கடைசியில் மூன்று எழுத்துத் தெளிவாக இருந்தது, நடுவில் பேனா அலை அடித்துவிட்டுப் போயிருந்தது. பக்கத்தில் இருபத்தைந்து மில்லிகிராம். காலை ஒன்று, இரவு ஒன்று.

மேலே பிரஷர் மாத்திரை, ஆளுக்குப் பிரஷர், கீழேயும் பிரஷருக்குத்தானே கொடுத்திருப்பார்? ஹைட்ரலசின் என்று அவள் மனசு சொன்னது. விரலும் அதையே தட்டியது. இரண்டு மருந்தையும் அச்செழுத்தில் அழகாக வரிசைப்படுத்தி, எத்தனை வேளை என்றும் போட்டு அனுப்பினாள். தம்பியிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தமும் வந்தது.

மறுநாள் முற்பகலில், தேநீர் ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி கூப்பிட்டான். வேறு ஏதோ விஷயம், தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, பிளம்பர் எண் வேண்டும் என்றான். சொன்னாள். வைக்கப் போகும்போது அவன் போகிறபோக்கில் சொன்னான்.

“அப்பாவுக்கு அந்த அரிப்பு கொஞ்சமும் குறையல அக்கா. ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணுன்னு ரெண்டு மாத்திரை போட்டாச்சு. இன்னும் காலைச் சொறிஞ்சுகிட்டேதான் இருக்காரு.”

“எந்த அரிப்பு?”

“அதான், ஒரு வாரமா உடம்பெல்லாம் அரிக்குதுன்னு புலம்புறாரே. அதைக் காட்டத்தானே டாக்டர்கிட்ட போனாரு.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“பிரஷர் ஏறிடுச்சுன்னு போகலையா?”

“பிரஷர் நல்லாத்தான் இருக்காம். டாக்டரே சொன்னாராம். ஏன்க்கா?”

ஹைட்ரலசின். ஹைட்ராக்ஸிசின். இரண்டு பெயரும் அவள் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நாலு எழுத்தும் ஒன்றே, கடைசி மூன்று எழுத்தும் ஒன்றே, இரண்டிலும் இருபத்தைந்து உண்டு. பின்னது அரிப்புக்கு. முன்னது, அவள் தட்டி அனுப்பியது, ரத்தக் குழாயைத் தளர்த்திப் பிரஷரை இறக்குவதற்கு. ஏற்கெனவே ஒரு பிரஷர் மாத்திரை விழுங்கும், பிரஷர் சரியாக இருக்கும் ஒரு கிழவருக்கு அவள் இரண்டாவதையும் ஊட்டியிருக்கிறாளா? இத்தனை வருடம் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தவளுக்கு, அவை ஒரு உடம்புக்குள் போய் ஏதாவது செய்யும் என்பது அன்றுதான் முழுசாக உறைத்தது.

“அப்பா எப்படி இருக்காரு? அதைச் சொல்லு முதல்ல.”

“தலை வலிக்குது, நெஞ்சு படபடங்குதுன்னாரு. வெயில்ல நடந்திருப்பீங்க, படுங்கன்னு சொல்லிட்டு நான் வேலைக்கு வந்துட்டேன். இவளும் பிள்ளைங்களும் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க.”

“தனியாவா இருக்காரு?”

“அக்கா, என்ன ஆச்சு? பயமுறுத்தாத.”

“நான் தப்பாப் படிச்சிருக்கேன்டா. கிளம்பு. நேரா வீட்டுக்குக் கிளம்பு.”

அப்பாவின் எண்ணை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழைத்தாள். மறுபடி நின்றது. பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினாள். இறங்கும்போதே யாரைக் கேட்பது என்று யோசித்தாள். ஞாபகத்துக்கு வந்த ஒரே ஆள் போலீஸம்மா.

போலீஸம்மா போலீஸ் அல்ல. அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளர். குடும்பமே அவளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது. ஒரு இருமல் மருந்து வாங்கப் போனாலும் யாருக்கு, எத்தனை வயசு, வேறு என்ன மாத்திரை போடுகிறார், எதற்காகக் கொடுத்தார் என்று குடைந்துவிடுவாள். சீட்டு சரியாகத் தெரியவில்லை என்றால் கொடுக்கவே மாட்டாள், டாக்டருக்குப் போன் போட்டு நம்மை நிற்க வைத்துவிடுவாள். அதனாலேயே தம்பி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. அவன் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய கடை ஒன்று இருக்கிறது. அங்கே காகிதம்கூட வேண்டாம், அக்கா அச்சடித்த மாதிரி அனுப்பிய செய்தியைக் காட்டினால் போதும், பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கல்லாவில் நின்ற ஆளைக் குறை சொல்லி என்ன பயன்? அவன் கண்ணுக்கு ஒரு கிறுக்கலும் தெரியவில்லையே. சந்தேகப்பட வேண்டிய இடத்தை அவள்தான் இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாளே.

ஆட்டோவில் ஏறியதும் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தவறான பெயரைத் தொட்டாள்.

“மேடம், ஒரு சீட்டு அனுப்புறேன். அது என்ன மருந்துன்னு கொஞ்சம் சொல்லுங்க. ரொம்ப அவசரம்.”

“அனுப்புங்க,” என்றாள் போலீஸம்மா. படத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். “இது எனக்கு உறுதியாத் தெரியல.”

“உங்களுக்குமா?”

“ரெண்டு மருந்து மாதிரியும் இருக்கு. ரெண்டும் ஒரே அளவுல வரும். போட்டோவைப் பார்த்து ‘இதுதான்’னு நான் சொன்னா அது ஊகம்தான். ஊகத்துல மாத்திரை குடுக்கக் கூடாது. யாருக்கு இது?”

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். வயது, பிரஷர், அரிப்பு, தான் படித்தது, இரண்டு மாத்திரை உள்ளே போனது, தலைவலி, படபடப்பு, போன் எடுக்காதது. பாதியில் குரல் உடைந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

போலீஸம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “கடைசி மாத்திரை எப்ப போட்டாரு?” என்று கேட்டாள்.

“காலையில சாப்பிட்டதும். வழக்கமான பிரஷர் மாத்திரையும் அதோடதான் போடுவாரு.”

“சரி. இனிமே அந்தப் புது மாத்திரை வேண்டாம். நீங்க போனதும் அவரை எழுப்பி நடக்க வைக்காதீங்க. சட்டுனு எழுந்தா மயங்கி விழுவாரு. படுக்க வெச்சு, காலுக்குக் கீழ தலையணை வைங்க. மயக்கமா இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலின்னு சொன்னாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. என் போனுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த டாக்டரை நான் பிடிக்கிறேன். எழுதினவர்தான் சொல்லணும். அப்புறம், படத்துல அடியில விரல் இருக்கு. விரலுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?”

“தெரியலையே.”

“காகிதம் கிடைச்சா பாருங்க.”

வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். திறந்துகொண்டு உள்ளே போனாள். “அப்பா!” என்றாள். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டில் காலியாக இருந்தது. போர்வை தரையில் சரிந்து கிடந்தது. அந்த ஒரு நொடியில் அவள் நினைத்ததை எல்லாம் எழுதக் கூடாது, எந்த மகளும் நினைக்கக் கூடாததை நினைத்தாள்.

அப்பா குளியலறை வாசலில் இருந்தார். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை, புருவத்துக்கு மேல் ஒரு கீறல், அதில் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

“யாரு? நீயா?” என்றார். “எழுந்தேன், கண்ணு இருட்டிடுச்சும்மா. போன் அங்க அடிச்சுது. எடுக்க முடியல.”

“பேசாதீங்கப்பா. அப்படியே சாயுங்க.”

அவரை அங்கேயே படுக்க வைத்து, தலையணையை எடுத்து வந்து காலுக்கு அடியில் கொடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி விரலுக்கடியில் மெலிசாக, தறிகெட்ட வேகத்தில் ஓடியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். முகவரி சொல்லும்போது கதவு எண் மறந்துவிட்டது. அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண். அப்பாதான் படுத்தபடி எடுத்துக் கொடுத்தார்.

வண்டி வரும்வரை அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடினால் “அப்பா” என்பாள். அவர் “ம்” என்பார். மறுபடி மூடுவார். மறுபடி கூப்பிடுவாள். ஒருமுறை “ம்” வரக் கொஞ்சம் தாமதமானது. அவள் அலறியேவிட்டாள். “இருக்கேன்டி” என்றார் அவர்.

அவள் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறும்போது போலீஸம்மாவின் அழைப்பு வந்தது. “டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அரிப்பு மருந்துதான் எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ உடம்புல தடவ ஒரு லோஷனும் எழுதினாராம். இவர் விழுங்கினது வேற மருந்து. ஆஸ்பத்திரியில அட்டையைக் காட்டுங்க, எத்தனை மாத்திரை, எப்பப்போன்னு சொல்லுங்க. வழக்கமான பிரஷர் மாத்திரையோட பேரையும் சொல்லுங்க.”

அப்பாவின் சட்டைப் பையிலிருந்த அசல் காகிதத்தை அவள் அப்போதுதான் கையில் எடுத்துப் பார்த்தாள். தம்பியின் கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. லோஷன் என்பது மட்டும் பளிச்சென்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்திருந்தால் தோல் வியாதி என்று அவளுக்கே பிடிபட்டிருக்கும். பாதிப் படத்தை வைத்துக்கொண்டு முழுப் பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

அவசரப் பிரிவில் பிரஷர் பார்த்த நர்ஸ் எண்ணைச் சொல்லவில்லை, உதட்டைப் பிதுக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், தலையில் அடி பலமா என்று படம் எடுத்தார்கள். அவள் மாத்திரை அட்டையை நீட்டி, “தப்பான மருந்து, நான்தான் தப்பாப் படிச்சேன்,” என்றாள். அந்த இளம் டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மருந்தின் வேகம் குறையும்வரை கண்காணிப்பில் வைக்க வேண்டும், அதுவரை பிரஷர் மாத்திரை எதுவும் வேண்டாம் என்றார். “பிழைச்சுடுவாரா?” என்று கேட்டாள். “இப்போதைக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல, பார்க்கலாம்,” என்றார். இப்போதைக்கு என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி வந்தான். இருவரும் திரையில் பிரஷர் எண் கூடுவதையும் குறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கொஞ்சம் இறங்கினால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள்.

சாயங்காலம் எண் நிலைக்கு வந்தது. அப்பாவின் முகத்தில் நிறம் திரும்பியது. பசிக்கிறது என்றார். தம்பி அழுதுவிட்டு, அழவில்லை என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் வாங்கப் போனான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, அது என் தப்பு.”

“தெரியும்மா. தம்பி சொன்னான்.” போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். “நேத்தே எனக்குச் சந்தேகம்தான். கடையில இது பிரஷருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்கன்னான். டாக்டர் அரிப்புக்குன்னுதானே எழுதினாரு, இது என்ன பிரஷருக்குன்னு கேட்டேன். அக்கா படிச்சுட்டா, அவளுக்குத் தெரியாததா, அரிப்புக்கும் இதைக் குடுப்பாங்க போலன்னான். எனக்கும் அதான் சரின்னு பட்டுது. நீ சொன்னியேன்னு போட்டுக்கிட்டேன்.”

அவர் கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் அதைப் பெருமையாகச் சொன்ன மாதிரி இருந்தது. அந்தக் கிழவருக்குத் தன் கண்ணைவிட, தன் காதைவிட, டாக்டரின் வாயைவிட மகளின் மேல் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் அவர் தண்ணீர் விட்டு இரண்டு வேளை விழுங்கியிருந்தார்.

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இளம் டாக்டர் ஒரு சீட்டை எழுதி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரும் டாக்டர்தானே, எழுத்தும் டாக்டர் எழுத்துதான். அப்பா அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, யோசிக்காமல், மகளிடம் நீட்டினார்.

“என்னன்னு படிச்சுச் சொல்லும்மா.”

அவள் வாங்கினாள். மூன்று வரி. முதலாவது தெரிந்தது. மூன்றாவதும் தெரிந்தது. நடுவில் இருந்தது அனேகமாக இன்னதுதான் என்று அவள் மனசு பழக்க தோஷத்தில் ஒரு பெயரைச் சொன்னது. பத்தில் ஒன்பது முறை அது சரியாகத்தான் இருக்கும். தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலப்பா,” என்றாள்.

“உனக்கேவா?”

“தெரியல. டாக்டரையே கேட்கலாம். அப்புறம் காகிதத்தோட போலீஸம்மா கடைக்குப் போகலாம். அவங்க எத்தனை கேள்வி கேட்டாலும் நீங்களே பதில் சொல்லுங்க.”

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அவளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தார். அவளுக்கு வலித்தது. பிறகு அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த கட்டிலில் குனிந்திருந்த டாக்டரைப் பார்த்து, தன் பழைய உரத்த குரலில் கூப்பிட்டார்.

“டாக்டர் தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. ரெண்டாவது வரியில என்ன எழுதியிருக்கீங்க? எதுக்கு அது?”